1-1இல் 9 ஃபிரேம் மிச்சப்படுத்தினேன், 1-2 அதே ஃபிரேமில்தான் தொடங்குகிறது: மிச்சம் எங்கே போனது?

புதுவிசை

வணக்கம். சூப்பர் மரியோ பிரதர்ஸ் முதல் பாகத்துக்கு ஒரு டாஸ் ஓட்டம், அதாவது எமுலேட்டர் கருவிகளின் துணையோடு ஃபிரேம் ஃபிரேமாக உள்ளீடு கொடுக்கும் ஓட்டம், செய்துகொண்டிருக்கிறேன். FCEUX எமுலேட்டர், மூவி கோப்பு `.fm2`. சாதனை எதையும் முறியடிக்கும் எண்ணம் இல்லை. கருவிகளைக் கற்றுக்கொள்ளவே இந்த விளையாட்டை எடுத்தேன்.

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி 1-1, 1-2 இரண்டையும் முடித்து, குழாய் வழியாக 4-1க்குத் தாவி, அதிலும் பாதி தூரம் வந்துவிட்டேன். பிறகு முதலிலிருந்து ஓட விட்டுப் பார்த்தபோது, 1-1இல் ஒரு குழாயின் பக்கவாட்டில் மரியோ உரசி வேகம் இழப்பது கண்ணில் பட்டது. `TAS Editor` திறந்து அந்த இடத்தைத் திருத்தினேன். தாவலைச் சற்று முன்னதாக வைத்ததும் உரசல் போய்விட்டது. கொடிக்கம்பத்தை முன்பைவிட 9 ஃபிரேம் முன்னதாகத் தொட்டேன். தேவையற்ற 9 வரிகளை நீக்கினேன்.

இப்போது இரண்டு சிக்கல்கள். முதலாவது, 1-2 முன்பு எந்த ஃபிரேமில் தொடங்கியதோ அதே ஃபிரேமில்தான் இன்றும் தொடங்குகிறது. 9 ஃபிரேமும் காற்றில் கரைந்துவிட்டன. இரண்டாவது, 1-2இல் பழைய உள்ளீடுகள் ஒத்துப்போகவில்லை. முதல் எதிரியிலேயே மரியோ மோதிச் சாகிறார். மூன்று இரவு வேலை அதற்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டுமா?

---

வேகமாடி

நான் இந்த விளையாட்டைக் கையால், நேரலையில் வேகமாக ஆடுபவன். உங்கள் முதல் கேள்விக்கு எங்களிடம் பெயரே உண்டு: ஃபிரேம் விதி. ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குப் போகும் கதவு 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் திறக்கும். நீங்கள் 9 ஃபிரேம் முன்னதாக வந்து கதவருகில் 9 ஃபிரேம் காத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்னும் 12 ஃபிரேம் மிச்சப்படுத்தினால் முந்தைய கதவு கிடைக்கும்.

இரண்டாவது சிக்கலுக்கு வழி இல்லை. 1-1இல் எதை மாற்றினாலும் தற்செயல் எண் மாறிவிடும், எதிரிகள் வேறு மாதிரி நடப்பார்கள். 1-2ஐப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

---

பதிவுப்பெட்டி

இதே துன்பத்தை நானும் அனுபவித்தேன். ஒரு சாகச விளையாட்டுக்கு இரண்டு மாதம் உழைத்து மூவி தயாரித்தேன். என் கணினியில் கடைசிவரை ஓடியது. நண்பருக்கு அனுப்பினேன், அவர் கணினியில் மூன்றாவது அறையிலேயே கதாநாயகன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. மின்சாரம் போட்ட கணத்தில் நினைவகத்தில் என்ன மதிப்புகள் இருக்க வேண்டும் என்பதை எமுலேட்டரில் தேர்ந்தெடுக்கலாம். அவருடையது வேறு தேர்வில் இருந்தது. அந்த விளையாட்டு தன் தற்செயல் எண்ணின் விதையை, யாரும் எழுதாமல் விட்ட நினைவகத்திலிருந்து எடுக்கிறது. விதை வேறானால் எல்லாமே வேறு. உங்கள் அமைப்புகளையும் சரிபாருங்கள். ரோம் கோப்பு, எமுலேட்டர் பதிப்பு, பழைய பிபியுவா புதிய பிபியுவா என்பது, எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

---

புதுவிசை

பதிவுப்பெட்டி, நன்றி. ஆனால் நான் ஒரே கணினியில், ஒரே அமைப்பில்தான் ஓட்டுகிறேன். பழைய மூவியின் பிரதியை ஓட்டினால் இன்றும் முழுதாக ஒத்துப்போகிறது. திருத்தியதுதான் பிசகுகிறது.

---

கடைசிப்பிக்சல்

புதுவிசை, எதையும் அழிக்காதீர்கள். உங்கள் 1-2 பத்திரமாக இருக்கிறது. வேகமாடி சொன்னதில் முதல் பாதி சரி. 12 என்ற எண்ணும் தற்செயல் எண் பற்றிய முடிவும் தவறு.

ஃபிரேம் விதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இரண்டு சிக்கலும் ஒரே சிக்கல் என்பது தெரியும். விளையாட்டின் நினைவகத்தில் `$077F` என்ற இடத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்று குறைந்து 20இலிருந்து 0 வரை வரும், பிறகு மறுபடி 20. ஆக ஒரு சுற்றுக்கு 21 ஃபிரேம். சில நேரக்கணிப்பான்கள் ஃபிரேம்தோறும் குறைவதில்லை. இந்தச் சுற்று முடியும்போது மட்டும் ஒன்று குறைகின்றன.

கட்டத்தின் முடிவில் மரியோ கோட்டைக்குள் நுழைகிறார், மிச்ச நேரம் புள்ளிகளாக மாறுகிறது, கோட்டையின் மேல் சிறு கொடி ஏறுகிறது. கொடி ஏறி முடிந்த ஃபிரேமில் அப்படிப்பட்ட ஒரு நேரக்கணிப்பானில் 6 என்று எழுதப்படுகிறது. அது 0 ஆனால்தான் அடுத்த கட்டம். நீங்கள் சுற்றின் எந்த இடத்தில் வந்து சேர்ந்தாலும் முதல் குறைப்பு அந்தச் சுற்றின் முடிவில்தான் நடக்கும். மீதி ஐந்தும் முழுச் சுற்றுகள், 105 ஃபிரேம். முதல் சுற்றின் மிச்சம்தான் உங்கள் 9 ஃபிரேமை விழுங்கியது.

எனவே "இன்னும் எத்தனை ஃபிரேம் வேண்டும்" என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் பழைய மூவி சுற்றின் எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இந்தச் சிறு லுவா நிரலை ஓடவிட்டு, `S` 3இலிருந்து 4 ஆகும் ஃபிரேமில் `R` எவ்வளவு என்று இரண்டு மூவியிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

```lua
while true do
  local r = memory.readbyte(0x077F)
  local s = memory.readbyte(0x0746)
  local v = memory.readbyte(0x0057)
  gui.text(8, 40, "R:"..r.." S:"..s.." V:"..v)
  emu.frameadvance()
end
```

`S` கட்டமுடிவு வேலைகளின் வரிசை எண். `V` மரியோவின் வேகம். அதைப் பிறகு பார்ப்போம்.

---

புதுவிசை

பார்த்துவிட்டேன். பழைய மூவியில் `R` 4. திருத்தியதில் 13.

---

கடைசிப்பிக்சல்

அழகாகப் பொருந்துகிறது. எண் கீழ்நோக்கிக் குறைவதால், முன்னதாக வந்தால் பெரிய எண் தெரியும். 4உடன் 9 சேர்ந்து 13. பழைய மூவியில் கொடி ஏறிய பின் காத்திருப்பு 5ம் 105ம் சேர்ந்து 110 ஃபிரேம். இப்போது 14ம் 105ம் சேர்ந்து 119. நீங்கள் சம்பாதித்த ஒன்பதும் காத்திருப்பில் சேர்ந்துவிட்டது.

முந்தைய கதவுக்கு இனி எவ்வளவு வேண்டும்? 13இலிருந்து 20 வரை 7 ஃபிரேம். 20 தெரியும் ஃபிரேமில் வந்தாலும் பயனில்லை, ஏனெனில் அந்த ஃபிரேமின் குறைப்பு அதற்குள் நடந்து முடிந்திருக்கும். நேரக்கணிப்பான்களைக் குறைத்த பிறகுதான் விளையாட்டு மற்ற வேலைகளைச் செய்கிறது. அதற்கும் முந்தைய ஃபிரேமில், `R` 0 ஆக இருக்கும்போது வர வேண்டும். ஆக இன்னும் 8.

இப்போது 1-2 ஏன் பிசகியது? நீங்கள் 9 வரிகளை நீக்கினீர்கள். மூவி கோப்பு என்பது ஃபிரேமுக்கு ஒரு வரி, அவ்வளவே. அந்த வரிக்கு அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. உங்கள் கோப்பை உரைத்தொகுப்பானில் திறந்தால் இப்படித்தான் இருக்கும்:

```
|0|R.....B.|........||
|0|R.....BA|........||
|0|R.....BA|........||
```

எட்டு இடங்கள், `RLDUTSBA` என்ற வரிசை. முதல் வரியில் வலப்பக்கமும் பி பொத்தானும், அடுத்த இரண்டில் ஏ பொத்தானும் சேர்ந்திருக்கிறது. ஒன்பது வரிகளை மேலே நீக்கியதும் கீழே இருப்பவை எல்லாம் ஒன்பது ஃபிரேம் முன்னதாக நகர்ந்துவிட்டன. ஆனால் 1-2 நகரவில்லை. கட்டம் அங்கேயே இருக்க, கைகள் மட்டும் முன்னதாகப் பொத்தானை அழுத்துகின்றன. மரியோ செத்ததற்குக் காரணம் இதுதான்.

கொடிக்கம்பத்தைத் தொட்ட பிறகு எதையும் அழுத்தத் தேவையில்லாத வெற்று வரிகள் இருக்குமல்லவா, அங்கே 9 வெற்று வரிகளைச் செருகுங்கள். பிறகு 1-2ஐ ஓட விடுங்கள்.

---

வேகமாடி

அப்படியானால் தற்செயல் எண்? 1-1இல் மரியோ வேறு மாதிரி ஓடியிருக்கிறாரே, அது மாறாதா?

---

கடைசிப்பிக்சல்

இந்த விளையாட்டில் மாறாது. `$07A7`இல் தொடங்கும் சில பைட்டுகள்தான் தற்செயல் எண்ணின் மூலம். ஒவ்வொரு ஃபிரேமும் அவை ஒரு படி சுழல்கின்றன. மரியோ என்ன செய்கிறார், எத்தனை எதிரிகளை மிதித்தார் என்பதெல்லாம் அந்தச் சுழற்சியைத் தொடுவதே இல்லை. விளையாட்டு உள்ளீட்டைப் படிக்காமல் விடும் லேக் ஃபிரேம்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், ஒரே ஃபிரேமில் தொடங்கும் 1-2க்கு ஒரே தற்செயல் எண். பல விளையாட்டுகளில் நீங்கள் சொல்வதே சரி. எதிரி ஒருவன் முடிவெடுக்கும்போதெல்லாம் எண் நகரும், ஒரு மிதி கூடினாலும் பின்னால் எல்லாம் குலையும்.

---

புதுவிசை

9 வெற்று வரிகளைச் செருகினேன். 1-2 ஒரு பிசகும் இல்லாமல் ஓடி, குழாய்க்குள் இறங்கி, 4-1இலும் நான் நிறுத்திய இடம் வரை வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு முறை அறையைச் சுற்றி நடந்தேன். மூன்று இரவு வேலை திரும்பக் கிடைத்தது.

இப்போது அந்த 8 ஃபிரேம் வேண்டும். எங்கே தேடுவது?

---

பழையகை

குறுக்கிடுகிறேன். `TAS Editor` வந்த பிறகு எல்லோரும் வரிகளை வெட்டி ஒட்டுவதில் இறங்கிவிடுகிறார்கள். நான் இன்றும் ஃபிரேம் நகர்த்தும் விசையையும் சேவ் ஸ்டேட்டையும் வைத்துத்தான் செய்கிறேன். ஒரு தாவலுக்கு முன் சேமிப்பேன், தாவுவேன், அடுத்த ஃபிரேமிலிருந்து தாவிப் பார்ப்பேன், அதற்கடுத்த ஃபிரேமிலிருந்தும் பார்ப்பேன். நாற்பது முறை தாவிய பிறகு அந்த இடம் கைக்குப் புரிந்துவிடும். வரிகளைப் பார்த்து வேலை செய்பவருக்கு விளையாட்டு புரிவதில்லை, அட்டவணைதான் புரிகிறது.

கையால் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூவி எழுதும் நிலையில் இருக்கும்போது பழைய சேவ் ஸ்டேட்டை ஏற்றினால், மூவி அந்த இடத்தோடு வெட்டப்பட்டு அங்கிருந்து புதிதாகப் பதிவாகும். சும்மா பார்ப்பதற்காக ஏற்ற வேண்டுமென்றால் முதலில் வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். முதல் கட்டத்தின் ஸ்டேட்டைத் தவறுதலாக ஏற்றி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, அதன்மேல் சேமித்து, நான்கு கட்டங்களை ஒரே நொடியில் இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்துவிடுகிறேன்.

---

கடைசிப்பிக்சல்

பழையகை, அந்த எச்சரிக்கையை அப்படியே ஏற்கிறேன். ஆனால் புரிதல் பற்றிச் சொன்னதை ஏற்கவில்லை. `TAS Editor` இல்லாமல் புதுவிசையின் 1-2ஐ இவ்வளவு எளிதாகக் காப்பாற்றியிருக்க முடியாது. ஏற்கெனவே பதிவான உள்ளீட்டின் நடுவில் கைவைத்து, பின்னால் வருவதை வைத்துக்கொள்வதற்குத்தான் அது. சேவ் ஸ்டேட் முறையில் நடுவில் திருத்தினால் பின்னால் உள்ளது போய்விடும்.

புதுவிசை, மிச்சம் தேட `V`ஐப் பாருங்கள். ஓடும்போது மரியோவின் உச்ச வேகம் 40. அலகு ஒரு பிக்சலில் பதினாறில் ஒரு பங்கு, ஆக ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல். 1-1ஐ மெதுவாக நகர்த்தி, `V` 40க்குக் கீழே இருக்கும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகம் பிடிக்கும்போது கீழே இருப்பது இயல்பு. வேறு எங்கே?

---

புதுவிசை

ஒரே ஓர் இடம். தொடக்கத்திலேயே! ஓட ஆரம்பித்த உடனே ஒரு தாவல் வைத்திருந்தேன், தாவினால் வேகம் கூடும் என்ற எண்ணத்தில். அந்தத் தாவல் முழுவதும், சுமார் 30 ஃபிரேம், `V` 24இலேயே நிற்கிறது. பி பொத்தானை விடாமல் அழுத்தியிருந்தும் ஏறவில்லை. தரையைத் தொட்ட பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஏன்?

---

வேகமாடி

இது எனக்கு நன்றாகத் தெரியும். நடை வேகத்தில் தாவினால் காற்றில் நடை வேகம்தான். ஓட்ட வேகம் வந்த பிறகே தாவ வேண்டும். நேரலையில் ஆடும்போது கையே இதைப் பழகிவிடும்.

---

கடைசிப்பிக்சல்

அதேதான். காற்றில் இருக்கும்போது விளையாட்டு பி பொத்தானைப் பார்ப்பதில்லை, வேகத்தை மட்டும் பார்க்கிறது. 25க்குக் கீழே இருந்தால் உச்சவரம்பு 24. 25ஐத் தொட்ட பிறகு தாவியிருந்தால் காற்றிலேயே 40 வரை ஏறும்.

கணக்கு சுலபம். 40க்கும் 24க்கும் வித்தியாசம் 16, அதாவது ஃபிரேமுக்கு ஒரு பிக்சல். 30 ஃபிரேமில் 30 பிக்சல் இழக்கிறீர்கள். உச்ச வேகத்தில் அந்த 30 பிக்சலைக் கடக்க 12 ஃபிரேம் போதும். உங்களுக்கு வேண்டியது 8.

---

மழைத்துளி64

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். இவ்வளவு கணக்கு எதற்கு? எமுலேட்டரில் மெதுவாக ஓடும் வசதி இருக்கிறதே, கால் வேகத்தில் வைத்து ஆடினால் அதுவும் டாஸ்தானே? நான் ஒரு பந்தய விளையாட்டை அப்படித்தான் ஆடி வருகிறேன், நன்றாகவே வருகிறது.

---

பழையகை

அதுவும் டாஸ்தான், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கால் வேகத்தில் ஆடினாலும் ஒரு நொடியில் சுமார் 15 ஃபிரேம் கடந்து போகிறது. எந்த ஃபிரேமில் அழுத்தினோம் என்பதை அப்போதும் கண்தான் தீர்மானிக்கிறது. ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாதையைத் தீர்மானிப்பதற்கு மெதுவோட்டம் நல்லது. நானும் முதல் வரைவை அப்படித்தான் செய்கிறேன். ஒரு ஃபிரேம் வித்தியாசத்தில் கதவு மூடும் இடத்தில் அது உதவாது.

---

புதுவிசை

முதல் தாவலை நீக்கிவிட்டேன். தரையிலேயே ஓடி 40ஐத் தொட்ட பிறகு முதல் எதிரியின் மேலாகத் தாவுகிறேன். கணக்கு சொன்னபடியே கம்பத்தை 12 ஃபிரேம் முன்னதாகத் தொட்டேன். 12 வரிகளை நீக்கினேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. `S` 4 ஆகும்போது `R` 4 வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். 13இலிருந்து மேலே போய் 20, பிறகு 0, 1, 2, 3, 4 என்று எண்ணினேன். வந்தது 3. 12 ஃபிரேம் முன்னதாகத் தொட்டும் 11 ஃபிரேம்தான் முன்னதாக முடிகிறது. ஒரு ஃபிரேம் எங்கே போனது?

---

கடைசிப்பிக்சல்

இதை யாரும் கேட்காமல் நீங்களே கவனித்தது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. திரையின் மேல் ஓடும் நேரத்தைப் பாருங்கள். இந்த விளையாட்டில் அதன் ஓர் அலகு நொடி அன்று, 24 ஃபிரேம். 12 ஃபிரேம் முன்னதாக வந்ததில் ஓர் அலகு எல்லையைக் கடந்திருப்பீர்கள், மிச்ச நேரம் ஒன்று கூடியிருக்கும். கோட்டையில் மிச்ச நேரத்தைப் புள்ளிகளாக மாற்றும்போது அலகுக்கு ஒரு ஃபிரேம் செலவாகிறது. அந்த ஒரு ஃபிரேம் அங்கேதான் இருக்கிறது.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். கம்பத்தைத் தொடும்போது மிச்ச நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வாணவெடிகள் வெடிக்கும், அதுவரை காத்திருக்க வேண்டும். ஃபிரேம் மிச்சப்படுத்தி அந்த இலக்கத்தில் போய் விழுந்தால் சம்பாதித்ததைவிட அதிகம் போய்விடும்.

---

புதுவிசை

சரிதான், கடைசி இலக்கம் முன்பு 8, இப்போது 9. வாணவெடி இல்லை.

1-2 இப்போது 21 ஃபிரேம் முன்னதாகத் தொடங்குகிறது! கோப்பில் மொத்தம் 9ம் 12ம் சேர்த்து 21 வரிகள் நீக்கியிருக்கிறேன். அன்று செருகிய 9 வெற்று வரிகளை இன்று எடுத்துவிட்டதும் எல்லாம் தானாகச் சரியாக அமர்ந்துவிட்டது. 1-2 முழுவதும் ஒத்துப்போகிறது.

ஆனால் 4-1இல் பிசகிவிட்டது. மேகத்தில் வரும் லக்கிட்டு முள்முட்டைகளை வேறு இடங்களில் எறிகிறான். முன்பு நான் தரையில் ஓடிய இடத்தில் இப்போது ஒன்று வந்து விழுகிறது.

---

வேகமாடி

பார்த்தீர்களா, தற்செயல் எண் மாறுகிறது என்று அன்றே சொன்னேன்.

---

கடைசிப்பிக்சல்

இம்முறை நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 21 ஃபிரேம் முன்னதாகத் தொடங்கியதால் தற்செயல் எண் 21 படி பின்னால் இருக்கிறது. 1-2இல் உள்ள எதிரிகள் அந்த எண்ணைப் படிப்பதே இல்லை, அதனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. லக்கிட்டு படிக்கிறான். இனி 1-1இலோ 1-2இலோ இன்னொரு ஃபிரேம் விதியைச் சம்பாதித்தாலும் 4-1 மறுபடி மாறும். ஆகையால் 4-1ஐ இப்போது சீராக்குவதில் நேரம் செலவழிக்காதீர்கள். முதல் இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள்.

---

பதிவுப்பெட்டி

இடைநிறுத்தம் செய்து தற்செயல் எண்ணை நகர்த்த முடியாதா? என் சாகச விளையாட்டில் இடைநிறுத்தினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய எண் வரும்வரை நிறுத்தி வைத்தேன்.

---

கடைசிப்பிக்சல்

இங்கும் ஓடும். இடைநிறுத்தத்தில் நேரக்கணிப்பான்கள் நிற்கின்றன, `$077F`உம் நிற்கிறது, தற்செயல் எண் மட்டும் சுழல்கிறது. ஆனால் நிறுத்திய ஒவ்வொரு ஃபிரேமும் மொத்த நேரத்தில் அப்படியே சேரும், எந்தக் கதவும் அதை விழுங்காது. உங்கள் விளையாட்டில் ஒரு நல்ல எண் பல நொடிகளை மிச்சப்படுத்தியிருக்கும். இங்கே ஒரு முள்முட்டைக்காக அதைச் செய்வது கட்டாது. ஓடும் பாதையைச் சற்று மாற்றி முட்டைக்கு மேலாகத் தாவிவிடலாம், வேகம் 40இலேயே இருக்கும்.

---

பழையகை

1-1இல் இன்னொரு ஃபிரேம் விதியையும் சம்பாதிக்க வழி இருக்கிறதே. கொடிக்கம்பத்தின் அடிக்கல்லுக்குள் மரியோவைச் சிக்கவைத்தால் கொடி இறங்கும் நேரம் மிச்சமாகும்.

---

கடைசிப்பிக்சல்

உண்டு. ஆனால் அதற்கு மரியோ அந்தக் கல்லை எந்தத் துணைப்பிக்சலில், அதாவது ஒரு பிக்சலின் எந்தப் பின்னத்தில், அடைகிறார் என்பது முக்கியம். `$0400`ஐயும் திரையில் காட்டி, கம்பத்துக்கு முந்தைய தாவல்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். துணைப்பிக்சலைச் சரிசெய்ய ஒரு ஃபிரேம் வேகத்தை விட்டுக்கொடுக்க நேரலாம். `R` 3இல் இருக்கும் புதுவிசை அந்தச் செலவைத் தாங்குவாரா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். கெட்டது என்னவென்றால், 3இல் வருபவர் 17 ஃபிரேம் வீணாக்காமல் இருக்கும்வரை பாதுகாப்பு என்று நினைத்துவிடுவது எளிது. அப்படி இல்லை. 3க்கு மேல், நான்காவது ஃபிரேமை இழந்ததுமே கதவு மூடிவிடும்.

---

பழையகை

இடமும் வலமும் ஒருசேர அழுத்தித் துணைப்பிக்சலைச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான கட்டுப்பாட்டுப் பலகையில் அப்படி அழுத்த முடியாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

---

கடைசிப்பிக்சல்

பலகையின் பிளாஸ்டிக்தான் தடுக்கிறது, இயந்திரம் தடுப்பதில்லை. இரண்டு குறிகளும் ஒன்றாக வந்தால் விளையாட்டு அதைப் படிக்கத்தான் செய்கிறது. என்னளவில் அது செல்லும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று தோன்றுகிறது.

---

புதுவிசை

நான் முதலில் இரு பொத்தான்களையும் சேர்க்காமல் முயல்கிறேன். கம்பத்துக்கு முந்தைய படிக்கட்டின் உச்சியிலிருந்து தாவும் ஃபிரேமை ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்று வெவ்வேறு துணைப்பிக்சல்கள் கிடைத்தன, ஒன்றிலும் கல்லுக்குள் இறங்கவில்லை. நடுவில் உள்ள குழாய்த் தாவல்களையும் மாற்றிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைய மூவியைத் தனிப்பெயரில் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். மறுபதிவு எண்ணிக்கை 2,914.